மரஸ்கேலா, பித்தளையா? வரைபடத்தின் கீழே எழுதும் வரிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியல் செய்முறைத் தேர்வு நாளன்று வெளித் தேர்வாளர் ரெக்கார்டு நோட்டைப் புரட்டும் விதத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை என்ற பக்கங்களில் அவர் கண் நிற்பதில்லை. அவை எல்லா நோட்டிலும் ஒன்றேதான். நேராக அட்டவணைக்கும் வரைபடத்துக்கும் போகிறார். ஆகவே அந்த இரண்டும் பக்கத்து வரிகளின் துணையில்லாமல், தாமாகவே பேச வேண்டும். எப்படி எழுதினால் பேசும் என்பதில் பல வழக்கங்கள் போட்டியிடுகின்றன. அவற்றை ஒரே சோதனையை வைத்து உரசிப் பார்க்கிறேன்.

சோதனை எல்லோருக்கும் பழகியதுதான்: சீரற்ற வளைவு முறையில் மரஸ்கேலின் யங் குணகம். இரண்டு கத்தி விளிம்புகள் மேல் ஸ்கேலைக் கிடத்தி, நடுவில் எடைத் தாங்கியைத் தொங்கவிட்டு, 50 கிராம் எடைகளாக ஏற்றிக்கொண்டே போகிறோம். நடுவில் நிற்கும் ஊசி முனையின் இறக்கத்தை வெர்னியர் நுண்ணோக்கியால் அளக்கிறோம். எடுத்துக்காட்டாக 50, 100, 150, 200 கிராமுக்கு இறக்கம் முறையே 0.78, 1.55, 2.33, 3.10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஏற்றிய நிறை M-க்கு எதிராக இறக்கம் y-ஐ வரைந்தால், கோட்டின் சாய்வு ஒரு கிலோகிராமுக்கு 15.5 மி.மீ. யங் குணகத்துக்கான சூத்திரம்:

Y = g l³ / (4 b d³ × சாய்வு)

இதில் l என்பது கத்தி விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம், b அகலம், d தடிமன். இனி, வரைபடத்தின் கீழே என்ன எழுதலாம்?

மிகப் பரவலான வழக்கம் இது: "படம் 1. M–y வரைபடம்." சுருக்கம்தான், ஆனால் அச்சுகளில் ஏற்கெனவே இருப்பதையே திரும்பச் சொல்கிறது. எந்தப் பொருள், எந்த முறை, M எதைக் குறிக்கிறது என எதுவும் இல்லை.

அடுத்தது, சோதனையின் பெயரைத் தூக்கி வைப்பது: "படம் 1. சீரற்ற வளைவு முறையில் மரஸ்கேலின் யங் குணகம் காணுதல்." முந்தையதைவிட மேல்; பொருளும் முறையும் வந்துவிட்டன. முறையின் பெயர் வெறும் அலங்காரம் இல்லை. சீரான வளைவு முறையில் சுமை இரு முனைகளிலும் தொங்கும், அதற்குச் சூத்திரமே வேறு. ஆனாலும் இந்த வரி சோதனைக்குத்தான் தலைப்பாகிறது, படத்துக்கு இல்லை. அட்டவணையின் மேல் வைத்தாலும் பொருந்தும், ரெக்கார்டின் முதல் பக்கத்தில் வைத்தாலும் பொருந்தும். இப்படி எங்கும் பொருந்தும் வரி படத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்று பொருள்.

மூன்றாவது வகை இப்படி இருக்கும்:

"படம் 1. மரஸ்கேலின் நடுப்புள்ளி இறக்கம் y, எடைத் தாங்கிக்கு மேல் ஏற்றிய நிறை M உடன் மாறும் விதம் (சீரற்ற வளைவு; l = 0.700 m, b = 25.0 mm, d = 6.00 mm). ஒவ்வொரு புள்ளியும் எடையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் எடுத்த அளவீடுகளின் சராசரி. பிழைக்கோடுகள் புள்ளியைவிடச் சிறியவை. கோடு மீச்சிறு வர்க்க முறையில் பொருத்தியது, சாய்வு 15.5 ± 0.2 mm/kg."

என் ஓட்டு இதற்கே. காரணம், படத்தை மட்டும் கிழித்துக் கையில் கொடுத்தாலும் ஒருவர் கணக்கைத் திரும்பப் போட்டுவிடலாம். மதுரை இருக்கும் அட்சரேகையில் g ஏறத்தாழ 9.78 m/s². அதைச் சூத்திரத்தில் இட்டால் Y = 1.0 × 10¹⁰ N/m² வருகிறது. மரத்துக்கு ஏற்ற மதிப்புதான். "எடைத் தாங்கிக்கு மேல் ஏற்றிய" என்ற இரண்டு மூன்று சொற்களும் வீண் இல்லை. தாங்கிக்கும் ஓர் எடை உண்டு. அந்த நிலையைத்தான் பூச்சியமாகக் கொண்டோம். அதைச் சொல்லாவிட்டால், கோடு ஏன் ஏறத்தாழ ஆதிப்புள்ளி வழியாகப் போகிறது என்று படிப்பவருக்கு விளங்காது.

நான்காவது வகையும் உண்டு: செய்முறை, சூத்திரம், Y-யின் மதிப்பு, "எனவே ஹூக் விதி சரிபார்க்கப்பட்டது" என்பது வரை அனைத்தையும் படத்தின் கீழே கொட்டுவது. இறுதி முடிவைப் படத்தின் கீழேயே சொல்லிவிடலாம் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். பல புள்ளிகளும் பல கோடுகளும் மண்டிய படத்தில் அது உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இங்கே வேண்டாம். இந்தப் படத்தில் உண்மையில் கிடைப்பது சாய்வு மட்டுமே. Y-யில் d-யின் மும்மடி புகுந்திருக்கிறது. தடிமனில் 1 சதவீதம் பிழை இருந்தால் Y-யில் 3 சதவீதம். அந்தக் கணக்கெல்லாம் முடிவுப் பகுதியில் இருக்கட்டும்.

இனி அச்சுகள். இங்கேதான் சண்டை அதிகம், சேதமும் அதிகம்.

அலகை எழுத இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று y (mm). மற்றது y/mm. இரண்டாவதற்குத் தர்க்கம் வலுவானது: ஓர் அளவு என்பது எண்ணும் அலகும் சேர்ந்த பெருக்கல். எனவே அளவை அலகால் வகுத்தால் எஞ்சுவது வெறும் எண். அச்சில் குறிப்பதும் அந்த எண்ணைத்தான். பன்னாட்டு அலகு முறைக்கான அதிகாரபூர்வக் கையேடும் இந்த வடிவத்தை ஏற்கிறது. ஆனால் கூட்டு அலகு வந்தால் சிக்கல். Y/N/m² என்று எழுதினால் எது எதை வகுக்கிறது? Y/(N m⁻²) என்று எழுத வேண்டும், அதில் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். பிறை அடைப்பில் அந்தத் தொல்லை இல்லை. இளங்கலை ரெக்கார்டுக்கு y (mm) போதும். எதை எடுத்தாலும் நோட்டு முழுக்க ஒன்றையே பின்பற்ற வேண்டும். y [mm] என்ற சதுர அடைப்பை மட்டும் விட்டுவிடலாம்; முறைப்படி [y] என்றால் "y-யின் அலகு" என்று பொருள், அடைப்புக்குள் போக வேண்டியது அளவுதான், அலகு இல்லை.

உண்மையான வில்லன் பத்தின் அடுக்கு. நம் ரெக்கார்டு நோட்டுகளில் "y × 10⁻² m" என்று தலைப்பிட்டு, அதன் கீழே 0.078 என்று எழுதும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. எழுதியவர் நினைத்தது 0.078 × 10⁻² மீட்டர், அதாவது 0.78 மி.மீ. ஆனால் அதே தலைப்பை வேறொருவர், "y-ஐ 10⁻² ஆல் பெருக்கிய பின் வந்த எண் இது" என்று படிக்கலாம். படிக்க உரிமையும் உண்டு. அவர் கணக்கில் y = 7.8 மீட்டர். முதல் வாசிப்புக்கும் இரண்டாவதற்கும் பத்தாயிரம் மடங்கு வேறுபாடு. இவ்வளவு பெரிய தவறு நல்லவேளையாகத் தானே காட்டிக்கொடுத்துவிடும்: ஒரு மீட்டர் ஸ்கேல் 7.8 மீட்டர் வளையாது.

ஆபத்தானது பத்து மடங்குத் தவறு. நுண்ணோக்கியின் பிரதான அளவுகோல் செ.மீ.யில் இருப்பதால் அட்டவணையில் 0.078 செ.மீ. என்று சரியாக எழுதுகிறார்கள். வரைபடம் போடும்போது அச்சில் 0.078, 0.155 என்று அதே எண்களைக் குறித்துவிட்டு, பக்கத்தில் mm என்று எழுதிவிடுகிறார்கள். சாய்வு 1.55 mm/kg ஆகிறது; Y = 1.0 × 10¹¹ N/m². இது அபத்தமான எண் இல்லை. பித்தளையின் யங் குணகமே ஏறத்தாழ இதுதான்! படத்தின் கீழே "M–y வரைபடம்" என்று மட்டும் இருந்தால், பார்ப்பவர் பித்தளைச் சட்டம் என்று எண்ணித் தலையாட்டிவிட்டுப் போவார். "மரஸ்கேல்" என்ற ஒரு சொல் இருந்தால் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார். அச்சில் நேர்ந்த பிழையைப் படத்தின் கீழுள்ள வரி காட்டிக்கொடுக்கும் இடம் இது.

ஆகவே பத்தின் அடுக்கைத் தலைப்பிலிருந்து துரத்திவிடுங்கள். மி.மீ., கிராம், நானோமீட்டர் போன்ற அலகுகள் இருப்பதே அதற்குத்தான். அலகை மாற்ற வழியே இல்லாத இடத்தில் மட்டும் y/(10⁻³ m) என்ற வடிவத்தை எழுதுங்கள். அதை இரண்டு விதமாகப் படிக்க முடியாது.

அச்சைப் பற்றி இன்னொரு வழக்கம். வரைபடத் தாளின் வலது மேல் மூலையில் "அளவுத்திட்டம்: y அச்சில் 1 செ.மீ. = 0.2 மி.மீ." என்று எழுதுவது பள்ளியிலிருந்தே வருகிறது. கையால் வரைந்த தாளில் இதில் தவறில்லை, திருத்துபவருக்கு உதவியும்கூட. ஆனால் அச்சில் எண்களைக் குறிக்காமல் இதை மட்டும் நம்பினால், தாளைச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்த மறுகணமே அது பொய்யாகிவிடும்; பழைய 1 செ.மீ. இப்போது 0.7 செ.மீ. கணினியில் வரைந்து அறிக்கையில் ஒட்டும் படத்துக்கு இந்த வரியே தேவையில்லை. அச்சில் எண்களும் அலகும் இருந்தால், எத்தனை மடங்கு சுருக்கினாலும் படம் பிழைத்துக்கொள்ளும். அதே ஜெராக்ஸ் இயந்திரம் "சிவப்புக் கோடு – மரம், நீலக் கோடு – பித்தளை" என்ற விளக்கத்தையும் தின்றுவிடும். வட்டப் புள்ளி, சதுரப் புள்ளி, முழுக்கோடு, விட்டுவிட்டு வரைந்த கோடு என்று வடிவத்தால் பிரித்து, கீழுள்ள வரியிலும் அப்படியே சொல்வதே பாதுகாப்பு.

அட்டவணைக்கு வந்தால் பேச்சு குறைவு. தலைப்பு மேலே, படத்துக்கு விளக்கம் கீழே. அட்டவணையை மேலிருந்து கீழாகப் படிக்கிறோம் என்பதால் இந்த மரபு, இதை மீற எனக்குக் காரணம் தெரியவில்லை. அலகைக் கட்டத்துக்குக் கட்டம் எழுதுவதா, பத்தித் தலைப்பில் ஒருமுறை எழுதுவதா என்றால், சந்தேகமில்லாமல் தலைப்பில். கட்டத்தில் எண் மட்டும் நிற்கட்டும், அதுவும் தசமப் புள்ளிகள் நேர்க்கோட்டில் விழும்படி. 1.55-க்குக் கீழே 3.1 என்று எழுதாமல் 3.10 என்று எழுத வேண்டும். நுண்ணோக்கியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்பதை அந்தப் பூச்சியம்தான் தாங்குகிறது. எடைப் பத்தியில் W, W+50, W+100 என்று எழுதும் வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் W என்ன என்பது அட்டவணைத் தலைப்பிலேயே வந்துவிட வேண்டும்:

"அட்டவணை 1. சீரற்ற வளைவு: மரஸ்கேலின் (l = 0.700 m) நடுப்புள்ளி அளவீடுகள். W என்பது எடைத் தாங்கியின் நிறை. இறக்கம் y, W மட்டும் இருந்த நிலையிலிருந்து கணக்கிடப்பட்டது."

b, d இரண்டையும் இந்தத் தலைப்பில் சேர்க்கவில்லை. இறக்க அளவீடுகளைப் படிக்க அவை தேவைப்படுவதில்லை; அவற்றுக்கென்று திருகு அளவி, வெர்னியர் அளவி அளவீடுகளைக் கொண்ட தனி அட்டவணை எப்படியும் இருக்கும். படத்துக்கு அவை தேவைப்பட்டன, ஏனென்றால் சாய்விலிருந்து Y-க்குப் போகிறவர் அந்த எண்களை அங்கேயே தேடுவார்.