தமிழில் சொற்சதுரம் கட்டுவது: காகிதத்திலும் கணினியிலும் சில ஆண்டுகள்

குறுக்கெழுத்துப் போடுபவர்கள் ஒருநாள் இல்லை ஒருநாள் சொற்சதுரத்தில் வந்து மாட்டிக்கொள்வார்கள். மூன்றுக்கு மூன்று கட்டம், கறுப்புக் கட்டமே கிடையாது. ஒவ்வொரு வரிசையும் ஒரு சொல், ஒவ்வொரு நிரலும் ஒரு சொல். நான் கட்டுவது பெரும்பாலும் சமச்சீர்ச் சதுரம்: முதல் வரிசையும் முதல் நிரலும் ஒரே சொல், இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. கொஞ்ச காலம் கட்டம் போட்ட நோட்டில் கட்டினேன். இப்போது அதோடு ஒரு சிறிய பைத்தான் நிரலும் `open-tamil` என்ற நூலகமும் சேர்ந்திருக்கின்றன. அந்த மூன்றையும் பயன்படுத்திய அனுபவம் இது.

முதலில் நோட்டு. ஆங்கிலப் புதிர்ப் புத்தகங்களைப் பார்த்துப் பழகியவர் ஏதாவது ஒரு நல்ல சொல்லை மேலே எழுதிவிட்டுக் கீழே இறங்கப் பார்ப்பார். தமிழில் அது உடனே முட்டும். சமச்சீர்ச் சதுரத்தில் மேல் வரிசையின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சொல்லின் தொடக்கம். ஆகவே அந்த வரிசையில் புள்ளி எழுத்தே வரக்கூடாது. 'மரம்', 'கடல்', 'தமிழ்' எல்லாம் அங்கேயே விழுந்துவிடும். உயிர்மெய்யிலும் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் இலக்கணப்படி மொழிக்கு முதலில் வரா. 'கனவு', 'குதிரை', 'மனது' போன்ற வளமான சொற்கள் மேல் வரிசைக்கு உதவாமல் போவது இதனால்தான். ரசம், லட்டு, டப்பா ஆகியவற்றை நான் சேர்த்துக்கொள்கிறேன். அன்றாடம் வாயில் வரும் சொல்லை இலக்கணம் காட்டித் தள்ளுவதில் எனக்கு விருப்பமில்லை. சேர்த்தும் பெரிய லாபம் இல்லை என்பது வேறு விஷயம்.

'உதவி' தேறும் சொல். உ, த, வி மூன்றுமே சொல்லைத் தொடங்கும். இரண்டாம் வரிசை 'த'வில் தொடங்க வேண்டும், மூன்றாவது 'வி'யில். இங்கே பலர் இரண்டாம் வரிசைக்குப் பிடித்த சொல்லைப் போட்டுவிட்டு மூன்றாவதைத் தேடி அலைவார்கள். முடிச்சு இருப்பது ஒரே கட்டத்தில்: இரண்டாம் வரிசையின் கடைசி எழுத்தே மூன்றாம் வரிசையின் நடு எழுத்து. அதை மட்டும் பார்த்தால் போதும். தமிழ் என்று போட்டால் மூன்றாவது 'விழ்' என்று தொடங்கும், அப்படி ஒரு சொல் இல்லை. தயிர், தளிர் இரண்டும் 'விர்' என்று நிற்கும், அதுவும் ஆகாது. தவறு 'விறு' தரும், 'விறுவிறுப்பு' மூன்று கட்டத்தில் அடங்காது. தவளை 'விளை' தருகிறது, விளைவு வந்துவிட்டது.

உ த வி
த வ ளை
வி ளை வு

தகடு போட்டால் 'விடு', அங்கே விடுதி:

உ த வி
த க டு
வி டு தி

மேல் மூலை எழுத்து வேறெந்தச் சொல்லோடும் பங்குபோடப்படுவதில்லை. 'உ'வை எடுத்துவிட்டு 'ப' வைத்தால் பதவி, இன்னும் இரண்டு சதுரங்கள் இலவசம். ஆனால் இதையெல்லாம் தனிச் சதுரமாக எண்ணிக்கொள்வது கொஞ்சம் கள்ளக் கணக்கு.

அந்த முடிச்சுக் கட்டத்துக்கு எந்த எழுத்து ஏற்றது என்பது நாளாவட்டத்தில் கைக்கு வந்துவிடுகிறது. சொல்லின் கடைசியிலும் தாராளமாக வர வேண்டும், நடுவிலும் வர வேண்டும். டு, கு, சு, து, று போன்ற உகரங்களும் லை, ளை, ரை ஆகிய ஐகாரங்களும் நல்ல பிடிமானம் தருகின்றன. புள்ளி எழுத்தில் வல்லினம் சொல்லின் கடைசியில் வராது என்பதால் க், ச், ட், த், ப், ற் ஆறும் இந்தக் கட்டத்துக்குள் நுழையவே முடியாது. பட்டு, கொக்கு, வெற்றி வகைச் சொற்கள் மூன்றாம் வரிசைக்குக் கிடைக்காமல் போவது அதனால்தான். மிஞ்சுவதில் 'ம்' ஒன்றுதான் உண்மையான உதவி. சொற்களும் அதில் முடியும், 'ம்ப'வும் 'ம்ம'வும் நடுவில் வரும். நான் கட்டியதில் எனக்கு மிகப் பிடித்தது இந்த வழியில் வந்தது:

அ மு து
மு க ம்
து ம் பி

கடைசி எழுத்தை மாற்றித் தும்பை என்றும் வைக்கலாம். எனக்குத் தும்பியே போதும்.

கணினிக்கு வந்தால், தமிழ் எழுத்தை எண்ணுவதே முதல் சிக்கல். பைத்தானிடம் 'தும்பி'யின் நீளம் கேட்டால் 6 என்னும், ஏனென்றால் உகரக் குறி, புள்ளி, இகரக் குறி மூன்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. `open-tamil` இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது, `tamil.utf8.get_letters("தும்பி")` என்றால் து, ம், பி என்று மூன்று எழுத்தாகப் பிரித்துத் தரும். இத்தனை நாள் பயன்பாட்டில் அது என் காலை வாரவில்லை. காலை வாரியது சொற்பட்டியல். 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறி ஒருங்குறியில் ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஒப்பிடும்போது மட்டும் பொருந்தாது. சதுரங்களில் ஒகர, ஓகாரச் சொற்கள் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பட்டியலைப் படிக்கும்போதே ஒவ்வொரு சொல்லையும் `unicodedata.normalize("NFC", w)` வழியாக அனுப்பினால் தீர்ந்துவிடும்.

தேடும் பகுதி மேலே சொன்ன கைமுறைதான்:

```python
for a in top:
    for b in pre[a[1]]:
        for c in pre[a[2] + b[2]]:
            print(a, b, c)
```

`top` என்பது மேல் வரிசைக்குத் தேறும் சொற்கள், ஒவ்வொன்றும் `get_letters` பிரித்துத் தந்த எழுத்துகளின் பட்டியலாக. `pre` என்பது எந்தத் தொடக்கத்துக்கு எந்தச் சொற்கள் என்ற அகராதி. தொடக்கம் பட்டியலில் இல்லாவிட்டால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடாதபடி அதை `defaultdict(list)` ஆக வைப்பது நல்லது. மூன்று எழுத்துச் சதுரத்துக்குக் காத்திருக்கவே வேண்டியதில்லை.

குறை எங்கே என்றால், விடைகள் வந்து கொட்டுவதில்தான். விக்சனரித் தலைப்புகளைப் பட்டியலாக எடுத்தால் சொற்றொடர்களும் வேற்றுமொழிச் சொற்களும் கூடவே வரும், சலிக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் தலைச்சொற்கள் சுத்தமானவை. ஆனால் நிகண்டுகளில் மட்டும் வாழும் சொற்கள் ஏராளம். கணினி கொடுக்கும் சதுரங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு சொல்லாவது விளக்கம் தேவைப்படுவதாக இருக்கிறது. பழைய ரோமானிய நகரமான பொம்பெயியின் இடிபாடுகளில் கிடைத்த புகழ்பெற்ற லத்தீன் சதுரத்திலேயே 'அரெப்போ' என்ற சொல் வேறெங்கும் காணப்படாதது, யாருடைய பெயரோ என்று ஊகிக்கிறார்கள். ஆகவே இந்த நோய் பழையது. ஆனாலும் என் சதுரத்தில் அகராதி புரட்டவைக்கும் சொல் இருந்தால் நான் அதை வைத்துக்கொள்வதில்லை. கணினியை இப்போது 'இந்த மேல் வரிசைக்கு வழி உண்டா' என்று கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துகிறேன். தேர்வு நோட்டில்தான்.

வரிசைக்கு ஒரு சொல், நிரலுக்கு வேறு சொல் என்ற இரட்டைச் சதுரம் இன்னும் கடினம். அங்கே மேல் வரிசை, இடது நிரல் இரண்டுக்குமே புள்ளியில்லாத வெவ்வேறு சொற்கள் வேண்டும். எனக்கு மனநிறைவாக அமைந்தது இல்லை. நான்கு எழுத்துச் சமச்சீர்ச் சதுரம்தான் இப்போது மேசைமேல் கிடக்கிறது. அன்றாடத் தமிழின் நான்கெழுத்துச் சொற்களில் பெரும்பாலும் எங்காவது ஒரு புள்ளி வந்துவிடுகிறது. மேல் வரிசைக்குப் பசுபதி, பகவதி, மகாகவி போன்ற வடமொழிச் சேர்க்கைகளே முன்வருகின்றன. மகாகவியை வைத்து, நான்காம் வரிசைக்கு 'விரிவுரை' எடுத்தால் இரண்டாவது 'கா'வில் தொடங்கி 'ரி'யில் முடிய வேண்டும், காந்தாரி வந்து நிற்கிறாள். மூன்றாவது 'கதா' என்று தொடங்கி 'வு'வில் முடியும் நான்கெழுத்துச் சொல்லாக இருக்க வேண்டும். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.