ஒரு டெராபைட்டில் எத்தனை படம்? ஆயிரக் கணக்கும் 1024 கணக்கும்

டெராபைட்டை ஜிகாபைட்டாக்க இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று ஆயிரத்தால் பெருக்குவது, மற்றது 1024ஆல் பெருக்குவது. பைட்டிலிருந்து டெராபைட் வரை ஒவ்வொரு படியிலும் இதே பெருக்கல் வருவதால், வித்தியாசம் படிக்குப் படி கூடிக்கொண்டே போகும். வன்தட்டு விற்பவர்களும் மேக், ஐபோனும் ஆயிரக் கணக்கில் போகிறார்கள். விண்டோஸ் 1024 கணக்கைப் பிடித்துக்கொண்டு, அதற்கும் GB என்றே பெயர் போடுகிறது. 1 TB என்று வாங்கிய தட்டு விண்டோஸில் 931 GB என்று தெரிவது இதனால்தான். இடம் ஒன்றும் களவு போகவில்லை.

கிளவுட்டில் எத்தனை படம் கொள்ளும் என்று பார்க்கும்போது இந்தக் குழப்பம் கையைக் கடிக்கும். நிலாவெளியில் போனில் எடுத்த 1,840 படங்கள் ஒரு ஃபோல்டரில் இருப்பதாக வைப்போம். விண்டோஸில் அதன் Properties பகுதியில் Size 7.1 GB என்று காட்டுகிறது. பலர் ஆயிரத்தை 7.1ஆல் வகுத்து 1,840ஆல் பெருக்கி, இரண்டு இலட்சத்து 59 ஆயிரம் படம் கொள்ளும் என்பார்கள். ஆனால் அந்த 7.1 விண்டோஸ் அளவு, ஆயிரம் வேறு அளவு. கிளவுட்காரர் ஆயிரக் கணக்கில் விற்றால், அவருடைய 1 TB விண்டோஸ் அளவில் 931தான். அப்படி வகுத்தால் வருவது ஏறக்குறைய இரண்டு இலட்சத்து 41 ஆயிரம். பதினெட்டாயிரம் படம் காற்றோடு போய்விட்டது.

கிளவுட்காரர் எந்தக் கணக்கு என்று கண்டுபிடிப்பது லேசு. அதே ஃபோல்டரைச் சுருக்காமல் ஏற்றி, பிடித்த இடம் எவ்வளவு கூடியது என்று பாருங்கள். 7.6 கூடினால் ஆயிரக் கணக்கு, 7.1 கூடினால் 1024 கணக்கு. பின்னதென்றால் 931க்குப் பதில் 1024ஐப் போட்டு வகுக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், இந்த இரண்டு கணக்குக்கும் இடையில் உள்ள வித்தியாசம் பத்து வீதம் அளவில்தான். எந்தக் கருவியால் எடுக்கிறோம் என்பது இதைவிடப் பெரிய விஷயம். மேலே சொன்ன போன் படம் ஒன்று சுமார் 4 MB. திருகோணமலையில் கலியாணம் எடுக்கும் ஒருவர் 24 மெகாபிக்சல் கமராவில் RAW என்ற மூலக் கோப்பு, JPEG இரண்டையும் சேமித்தால், ஒரு சொடுக்குக்கு 38 MB போல ஆகலாம். இரண்டாயிரம் சொடுக்கு என்றால் 76 GB. ஆக, ஒரு டெராபைட்டில் பதின்மூன்று கலியாணம்தான் அடங்கும். அவர் 1024 பற்றிக் கவலைப்படுவதைவிட, ஆல்பம் கொடுத்து முடிந்ததும் வேண்டாத RAW கோப்புகளை அழிப்பது மேல்.

கூகுள் போட்டோஸில் Storage saver என்றொரு தெரிவு உண்டு. அது 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படத்தை அந்த அளவுக்குக் குறைத்துச் சுருக்கும். வீட்டுப் போன் படங்களுக்கு அது போதும் என்பேன். காசு வாங்கி எடுத்த படத்துக்கு வேண்டாம், ஏனென்றால் சுருக்கிய பிரதியிலிருந்து மூலத்தை மீட்க முடியாது.

அப்புறம், காணொளி. 4K தரத்தில் ஒரு நிமிடம் 350 MB போலப் பிடிக்கலாம். கோணேசர் கோயில் திருவிழாவை ஒரு மணி நேரம் அப்படி எடுத்தால் 21 GB, அதாவது ஐயாயிரத்துச் சொச்சம் போன் படங்களின் இடம்.