வாடகை உயர்வைக் குறைக்கச் சொல்லும் மூன்று கடிதங்கள்: எது எடுபடும்?

திருநெல்வேலி பக்கம் ஒரு சிறிய ஊர். பஸ் ஸ்டாண்ட் ரோட்டில் 250 சதுர அடியில் ஒரு ஸ்டேஷனரி கடை என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 20,000 ரூபாய், அட்வான்ஸ் 2 லட்சம். பதினோரு மாத அக்ரிமெண்ட் முடியப் போகிறது. "அடுத்த தடவை 24,000 போட்டுக்கிடுவோம்" என்று ஓனர் சொல்லிவிட்டார். அதாவது 20% உயர்வு. இந்த நிலையில் எழுதப்படும் கடிதங்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்.

எந்தக் கடிதத்துக்கும் முன்னால் பழைய அக்ரிமெண்டை எடுத்துப் படியுங்கள். "புதுப்பிக்கும்போது வாடகை 10% உயர்த்தப்படும்" என்பது போன்ற வரி அதில் இருந்தால், அந்த வரியைச் சுட்டிக்காட்டி ஒரு பத்தி எழுதினாலே போதும். அப்படி எதுவும் இல்லாவிட்டால்தான் கீழே உள்ள அலசல் தேவைப்படும்.

முதலாவது, கஷ்டத்தைச் சொல்லிக் கேட்கும் கடிதம். "வியாபாரம் மந்தமாக இருக்கிறது, கரண்ட் பில் ஏறிவிட்டது, 10% மட்டும் உயர்த்தும்படி கேட்டுக்கொள்கிறேன்." எழுதுவது சுலபம். பல வருஷப் பழக்கம் உள்ள ஓனரிடம் இது எடுபடவும் செய்யும், 22,000-க்கு ஒத்துக்கொள்வார். ஆனால் இதில் இரண்டு கோளாறுகள் உண்டு. வியாபாரம் சரியில்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், "இவர் ஒழுங்காக வாடகை தருவாரா" என்ற சந்தேகம் ஓனருக்கு வந்துவிடும். அடுத்து, கிடைக்கும் சலுகைக்குப் பதினோரு மாதம்தான் ஆயுள். அதன்பின் மறுபடியும் முதலிலிருந்து.

இரண்டாவது, அக்கம்பக்கத்து வாடகையைக் காட்டும் கடிதம். கணக்குத் தெரிந்த ஓனரிடம் இதற்கு மதிப்பு அதிகம். 250 சதுர அடிக்கு 20,000 என்றால் சதுர அடிக்கு 80 ரூபாய். அவர் கேட்கும் 24,000 என்பது 96 ரூபாய். அதே வரிசையில் 300 சதுர அடிக் கடை ஒன்று சமீபத்தில் 25,500-க்குப் போயிருந்தால், அது 85 ரூபாய். அந்தக் கணக்கில் உங்கள் கடைக்கு வருவது 21,250.

ஆனால் இந்தக் கடிதம் சறுக்கும் இடமும் இதுதான். "எதிர்க்கடை 240 சதுர அடி, 18,000தான்" என்று எழுதுகிறீர்கள். 75 ரூபாய், கேட்க நன்றாக இருக்கிறது. ஓனர் விசாரித்தால் அந்தக் கடைக்கு அட்வான்ஸ் 5 லட்சம் என்று தெரியவரும். உங்களைவிட 3 லட்சம் அதிகம். மாதம் ஒரு ரூபாய் வட்டி வைத்தாலும் 3,000. ஆக, அந்தக் கடையின் உண்மையான வாடகை 21,000, சதுர அடிக்கு 87.50. கடிதத்தில் இருக்கும் மற்ற எண்களும் அதோடு சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். ஆகவே ஒப்பிடும் ஒவ்வொரு கடைக்கும் வாடகை, அட்வான்ஸ், ஷட்டருக்குள் இருக்கும் பரப்பு மூன்றையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். முன்னால் உள்ள திண்ணையையும் பொது மாடிப்படியையும் பரப்பில் சேர்க்க வேண்டாம். இரண்டு கடை போதும். ஐந்து கடையை அடுக்கினால் வழக்குப் போட வந்ததுபோல இருக்கும்.

மூன்றாவது, கொடுத்து வாங்கும் கடிதம். உயர்வை மறுக்காமல், படிப்படியாகத் தருகிறேன் என்பது. எங்கள் பார்வையில் பெரும்பாலான கடைகளுக்கு இதுதான் பொருத்தம். முக்கியமான பகுதி இப்படி அமையலாம்:

"உயர்திரு அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம். கடை அக்ரிமெண்ட் வரும் மே 31-ஆம் தேதி முடிகிறது. தாங்கள் கேட்ட 24,000 ரூபாயை ஒரேயடியாகத் தருவது எனக்குச் சிரமம். மூன்று வருட ஒப்பந்தமாகப் போட்டு, முதல் வருடம் மாதம் 21,600, இரண்டாம் வருடம் 23,200, மூன்றாம் வருடம் 24,800 என்று தர விரும்புகிறேன். முதல் 18 மாதம் கடையைக் காலி செய்ய மாட்டேன். பதிவுச் செலவை நானே ஏற்கிறேன். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் தங்கள் வங்கிக் கணக்கில் வாடகை வந்துவிடும்."

சதவீதம் எழுதாமல் ரூபாயாக எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. "வருடம் 8%" என்று எழுதினால், அது பழைய 20,000 மேலா அல்லது முந்தைய வருட வாடகை மேலா என்ற தகராறு வரும். முந்தைய வருடத்தின் மேல் கணக்கிட்டால் மூன்றாம் வருட வாடகை 25,194 ஆகிவிடும்.

பதினோரு மாதக் கணக்கை விட்டு வருடமாகவே எடுத்து, ஓனர் அடுத்தடுத்த வருடம் 10% ஏற்றுவார் என்று வைத்துப் பார்த்தால்:

| | முதல் வருட மாத வாடகை | மூன்று வருட மொத்தம் |
|---|---|---|
| ஓனர் கேட்டபடி | 24,000 | 9,53,280 |
| முதல் கடிதம் பலித்தால் | 22,000 | 8,73,840 |
| மூன்றாம் கடிதம் பலித்தால் | 21,600 | 8,35,200 |

முதல் கடிதத்தைவிட மூன்றாவதில் மிச்சம் 38,640. ஆனால் அது முழுதும் கைக்கு வராது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதினோரு மாத வழக்கமே அதைத் தவிர்க்க வந்ததுதான். முத்திரைக் கட்டணம் 1%, பதிவுக் கட்டணம் 1% என்று மொத்த வாடகைக்குக் கணக்கிட்டாலே சுமார் 17,000 ஆகும். அட்வான்ஸையும் சேர்த்தால் இன்னும் கூடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு எழுதுங்கள். அட்வான்ஸைச் சேர்க்காத கணக்கில் மிஞ்சுவது சுமார் 22,000 ரூபாய். அத்துடன் மூன்று வருடம் வாடகைப் பேச்சே இல்லை.

ஓனர் ஏன் ஒத்துக்கொள்வார்? நீங்கள் காலி செய்து, புது ஆள் வர இரண்டு மாதம் ஆனால் அவருக்கு 48,000 போய்விடும். புரோக்கர் கமிஷன், வெள்ளையடிப்பு தனி. இதைக் கடிதத்தில் எழுத வேண்டாம், மிரட்டல் மாதிரி படும். 18 மாத உறுதியே அதைச் சொல்லிவிடுகிறது. அவர் தயங்கினால் இரண்டாம் கடிதத்தின் 85 ரூபாய்க் கணக்கை ஒரு வரியில் சேர்க்கலாம்.

வாடகையைக் குறைக்க அட்வான்ஸை ஏற்றித் தருகிறேன் என்று சிலர் எழுதுவார்கள். 1 லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாடகையில் 2,000 குறைந்தால், வட்டி 1,000 போக உங்களுக்கு 1,000 லாபம்தான். ஆனால் காலி செய்யும்போது மொத்தம் 3 லட்சத்தையும் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். ஓனருக்கு அவசரமாகப் பணம் தேவைப்படும் சமயத்தில்தான் இந்தப் பேரம் படியும். அதே ஓனரிடமிருந்துதான் அட்வான்ஸ் திரும்பி வரவும் தாமதமாகும்.

கடிதம் அக்ரிமெண்ட் முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே கையில் சேர வேண்டும். புதுப்பிக்கும் உரிமை பற்றி அக்ரிமெண்டில் வரி எதுவும் இல்லையென்றால், தேதி தாண்டியபின் உங்களுக்குப் பேச இடம் குறைவு. பேச்சு நடக்கும் வரை பழைய வாடகையை வங்கி வழியாக, எந்த மாதத்துக்கு என்று குறித்தே அனுப்புங்கள். ஓனர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவராகவும் நீங்கள் காம்போசிஷன் திட்டத்திலும் இருந்தால், வாடகைக்கு மேல் வரும் 18% வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அப்போது 21,600 என்பது உங்கள் கையிலிருந்து 25,488 ஆகப் போகும். கடிதத்தில் "வரி நீங்கலாக" அல்லது "வரி உட்பட" என்று தெளிவாக எழுதாவிட்டால் பிரச்சினை முதல் பில்லிலேயே வந்துவிடும்.

ஒரு வருடத்துக்குள் வேறு இடம் பார்க்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு மூன்றாம் கடிதம் ஆகாது. 18 மாத உறுதி அவர்களுக்குக் கால்கட்டாகிவிடும். அவர்கள் முதல் கடிதத்தோடு 22,000-க்குப் பேசிப் பார்ப்பதே நல்லது. ஆனால் வியாபாரம் மந்தம் என்ற வரியை எடுத்துவிட்டு, இதுவரை ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லை என்று எழுதினால் போதும்.