லண்டனில் உள்ள பேரப்பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாடு சொல்லும் புதுச்சேரிக்காரர்கள் கவனத்துக்கு

லண்டனில் இருக்கும் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே வீட்டுச் சாப்பாடு ஆர்டர் செய்யலாம் என்று புதுச்சேரி, கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. அங்கே ஒரு பெண் வீட்டில் சமைத்துக் கொடுக்கிறார். பணத்தை இங்கே அவருடைய உறவினர் ஒருவரின் எண்ணுக்கு ஜிபே செய்ய வேண்டும். வியாழன் இரவு எட்டு மணியோடு ஆர்டர் முடிந்துவிடும். சனிக்கிழமை ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம் ஆகிய இடங்களில் பிள்ளைகள் போய் வாங்கிக்கொள்ளலாம். அலர்ஜி பற்றி ஒரே வரிதான்: "நட்ஸ் சேர்ப்பதில்லை."

என் பேரனுக்கு எள் ஆகாது. எள் நட்ஸ் கணக்கில் வராது என்பதால் புதன்கிழமையே தனியாகக் கேட்டேன். "எள் கிடையாதும்மா, சூரியகாந்தி எண்ணெயில்தான் செய்வோம்" என்று அந்தப் பெண் குரல் பதிவு அனுப்பினார். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அவர் வறுவலை மாற்றிவிட்டார். சாம்பார் பொடிக்குப் பதில் இட்லிப்பொடி தூவியிருக்கிறார். அந்தப் பொடியில் வறுத்த எள். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. டப்பாவில் சீட்டும் இல்லை. ஹாரோவில் கொடுக்க வந்தவர் சமைத்தவர் அல்ல. மகள் கேட்டதற்கு "நட்ஸ் இல்லக்கா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இரண்டு வாய் சாப்பிட்டதும் பிள்ளைக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அட்ரினலின் ஊசி வீட்டில் இருந்ததால் மகள் உடனே போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். இப்போது நன்றாக இருக்கிறான்.

பணத்தைக் கேட்டால், "ஆர்டர் நேரம் முடிந்த பிறகு திருப்பித் தர மாட்டோம்" என்கிறார். அந்த நேரத்துக்கு நாங்கள் கட்டுப்பட வேண்டும், அவர் மட்டும் அதற்குப் பிறகு சமையலை மாற்றலாமா? இங்கே பணம் வாங்கிய உறவினரோ, "எனக்கும் சமையலுக்கும் சம்பந்தமில்லை" என்கிறார்.

பிரிட்டனில் 14 அலர்ஜிப் பொருள்கள் சட்டத்தில் உள்ளன. எள், கடுகு, நிலக்கடலை, பால், கோதுமை எல்லாம் அதில் அடக்கம். போனிலோ வாட்ஸ்அப்பிலோ ஆர்டர் எடுத்தாலும் இவற்றில் எது சேர்ந்திருக்கிறது என்று பணம் வாங்கும் முன் ஒரு தடவை, சாப்பாடு கைக்கு வரும்போது ஒரு தடவை சொல்லியாக வேண்டும். நம் சமையலில் இவை கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும். நல்லெண்ணெயே எள்தான். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அதனால் "நட்ஸ் இல்லை" என்ற பதில் போதவே போதாது. எந்த எண்ணெய், எந்தப் பொடி என்று ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எழுத்தில் வாங்குங்கள்.

அங்கே வீட்டிலிருந்து தொடர்ந்து சமைத்து விற்பவர் உள்ளூர் கவுன்சிலில் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. சோதனை முடிந்தவர்களின் சுகாதார மதிப்பெண்ணை ratings.food.gov.uk தளத்தில் பார்க்கலாம். இவர் பெயர் அதில் இல்லை. மகள் கவுன்சிலில் விசாரித்தபோது, பதிவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். புகார் கொடுத்திருக்கிறாள். விளம்பரம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் குழுவுக்கு வந்தால், பணம் அனுப்பும் முன் கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.