கமிஷன் பங்கு பேப்பரில் ‘அறிமுகம்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு 73,600 ரூபாய் போச்சு

சென்னை புறநகரில் வீட்டு புரோக்கர் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பதிவு. கோபம் அடங்கவில்லை, வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் பக்கம் ஒரு பழைய தனி வீடு. ஓனர் தரப்பு ஒரு கன்சல்டன்சி ஆபீஸ் கையில் இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, விசிட்டிங் கார்டு எல்லாம் உள்ள ரகம். வாங்கும் பார்ட்டி என்னுடையவர். விலை 92 லட்சத்தில் முடிந்தது. கமிஷன் ஓனரிடம் மட்டும் 2 சதவீதம், அதாவது 1,84,000. இரண்டு தரப்புக்கும் பாதிப் பாதி, ஆளுக்கு 92,000 என்று பேச்சு.

அந்த ஆபீஸ்காரர் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தார். என் பொறுப்பு என்ற இடத்தில் ‘வாங்குபவர் அறிமுகம்’ என்று இருந்தது. அதற்குக் கீழே, இருவரும் முழுப் பணி செய்தால் 50:50, அறிமுகம் மட்டும் என்றால் மொத்தக் கமிஷனில் 10 சதவீதம். பணம் எப்போது? ‘கமிஷன் முழுதும் வரவான பின்’. நான் உடனே கேட்டேன்: “சார், பேங்க் வேலை, டாக்குமென்ட் வேலை எல்லாம் நான்தானே பார்க்கப் போறேன், அதையும் எழுதிடலாமே?” அவர் சிரித்தபடி, “அண்ணே, இது ஆபீஸ் ஃபார்மட். நமக்குள்ள என்னண்ணே? பாதி உங்களுதுதான்” என்று பேனாவை நீட்டினார். டீயும் வந்தது.

அப்புறம் நடந்த வேலையைக் கேளுங்கள். பேங்க் வக்கீல் லீகல் பார்க்கும்போது, வாரிசு சான்றில் உள்ள ஓனரின் தங்கை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்திவிட்டார். லோன் அப்படியே நின்றது. இது ஓனர் தரப்பு வேலை. ஆபீஸிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தத் தங்கையிடம் பேசி, விடுதலைப் பத்திரம் எழுத வைத்து, அதைப் பதிய வைத்து, புது வில்லங்கச் சான்று எடுத்து வக்கீலிடம் கொடுத்தது நான். லோன் சாங்ஷன் ஆனதே அதற்குப் பிறகுதான்.

ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்தது. என் பங்கைக் கேட்டால் முதலில், “ஓனர் பாதிதாண்ணே கொடுத்திருக்கார்.” பிறகு, “ஆடிட்டர் பார்த்துட்டு இருக்கார்.” பிறகு, “டிடிஎஸ், ஜிஎஸ்டி கழிக்கணும்.” ரிட்டயர்டு சம்பளக்காரர் தன் வீட்டை விற்று இந்த அளவு கமிஷன் தந்தால் டிடிஎஸ் எங்கிருந்து வருகிறது? ஜிஎஸ்டி என்றால் பில்லில் மேலே போட்டு ஓனரிடம் வாங்க வேண்டியது, என் பங்கில் கை வைக்க என்ன இருக்கிறது? நேராக ஓனருக்கே போன் போட்டேன். “ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே முழு செக்கும் கொடுத்துட்டேனே தம்பி” என்று செக் புத்தகத்தின் அடிக்கட்டையை போட்டோ எடுத்து அனுப்பினார். 1,84,000.

அதை அனுப்பிக் கேட்டதும் என் கணக்கில் 18,400 விழுந்தது. போன் போட்டால் அக்கவுண்ட்ஸ் பெண் அந்தப் பேப்பரை எடுத்து வாசிக்கிறார்: “உங்க ரோல் அறிமுகம்னு போட்டிருக்கு சார், 10 பர்சென்ட் சரியாப் போச்சு.” விடுதலைப் பத்திரத்துக்கு அலைந்தது யார் என்றேன். “அது நீங்களா விரும்பிப் பண்ணது சார்.” அவர் முதலாளி இப்போது போனையே எடுப்பதில்லை. 92,000 வர வேண்டிய இடத்தில் 18,400. மீதி 73,600 ரூபாய் அவர் பையில்.

ஸ்டேஷனில் சிவில் மேட்டர் என்று அனுப்பிவிட்டார்கள். ரெரா பக்கமும் போக முடியாது, இது பதிவு செய்த புராஜெக்ட் இல்லை, பழைய வீடு. வழக்குப் போட மூன்று வருஷம் டைம் இருக்கிறது, போடத்தான் போகிறேன். வாட்ஸ்அப்பில் “50:50 ஓகேண்ணே” என்று அவர் அனுப்பியது அப்படியே இருக்கிறது. போனை மாற்றாதே, சாட்டை அழிக்காதே, கோர்ட்டில் அதற்கு ஒரு சர்டிஃபிகேட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

விவரமாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: பங்கைச் சதவீதத்தோடு ரூபாயிலும் எழுதச் சொல்லுங்கள். யார் பேங்க், யார் பத்திரம், யார் வில்லங்கம் என்று வேலையைப் பெயர் போட்டு எழுதுங்கள். ‘வரவான பின்’ கூடாது, ‘ரிஜிஸ்ட்ரேஷன் அன்று’ என்று இருக்கட்டும். முக்கியமாக, ஓனரிடம் ஒரு கையெழுத்து வாங்கி இரண்டு ஏஜென்ட்டுக்கும் தனித்தனி செக் தரச் சொல்லுங்கள், பணம் இன்னொருவர் கை வழியாக வரவே வேண்டாம். ஃபார்மட் மாற்ற முடியாது என்றால் பார்ட்டியைக் காட்டாதீர்கள்.

அதே ஆபீஸ் இப்போது மேடவாக்கம் பக்கம் ஒரு வீட்டுக்குப் பார்ட்டி தேடுகிறது. யாருக்காவது அந்த லெட்டர்ஹெட் பேப்பர் வந்தால், கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள்.