ஒரே கார், ஒரே டிரெய்லர், முந்த மூன்று வழி: எதற்கு எத்தனை நொடி?

லாரியை முந்த எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், நம் ஊரில் டீக்கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான்: "லாரி 18 மீட்டர், நம்ம வண்டி நொடிக்கு 25 மீட்டர் போகுதுங்க, அப்ப ஒரு நொடிகூட ஆகாதே." லாரி ஓரம்கட்டி நின்றிருந்தால் இந்தக் கணக்கு ஏறக்குறைய சரி. ஓடுகிற லாரிக்கு எடுபடாது, ஏனென்றால் நாம் முன்னேறுகிற அதே நேரத்தில் அதுவும் முன்னேறிக்கொண்டிருக்கிறது. லாரியின் மேல் உட்கார்ந்து பார்த்தால் நம் கார் என்ன வேகத்தில் கடந்துபோகும், அந்த வேகம்தான் இங்கே கணக்கு. இரண்டு வேகத்தின் வித்தியாசம், அவ்வளவுதான்.

நான் எடுத்துக்கொள்வது இப்படி. 18 மீட்டர் டிரெய்லர், மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 15 மீட்டர். கார் 4 மீட்டர், மணிக்கு 90, நொடிக்கு 25 மீட்டர். (இருவழிச் சாலையில் 90 கூடுமா என்பது தனிப் பேச்சு, எண்கள் பிசிறில்லாமல் வரட்டும் என்றுதான் இதை வைத்தேன்.) வித்தியாசம் நொடிக்கு 10 மீட்டர். பள்ளிக்கூடக் கணக்கில் இரண்டு நீளத்தையும் கூட்டி 22 மீட்டர், வகுத்தால் 2.2 நொடி, முடிந்தது. ஆனால் அந்த 2.2 நொடி, கார் மூக்கு லாரியின் வாலைத் தொடும் இடத்திலிருந்து காரின் வால் லாரி மூக்கை விடும் இடம் வரைக்கும் மட்டும். ரோட்டில் யாரும் அப்படி முந்துவதில்லை. பின்னால் கொஞ்சம் இடைவெளி இருக்கும்போதே வலப்பக்கம் விலகுகிறோம், முன்னால் போய் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் இடப்பக்கம் திரும்புகிறோம். இரண்டுக்கும் 20 மீட்டர் வைத்தால்:

```
t = (20 + 18 + 20 + 4) / (25 - 15) = 6.2
```

இரண்டு நொடி ஆறு நொடியாகிவிட்டது, லாரி நீளத்தைவிட இடைவெளிகள்தான் கணக்கில் அதிகம் இடம் பிடிக்கின்றன. அந்த 6.2 நொடியில் கார் ஓடும் ரோடு 155 மீட்டர். எதிரே ஒரு பஸ் மணிக்கு 72-இல் (நொடிக்கு 20 மீட்டர்) வந்தால் அது 124 மீட்டர் வந்துவிடும். ஆகவே விலக ஆரம்பிக்கும்போது பஸ் குறைந்தது 279 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அதுவும் இடப்பக்கம் திரும்பி முடிக்கிற அதே நொடியில் பஸ் மூக்குக்கு நேரே வந்து நிற்கிற கணக்கு. இதற்கு மேல் மனசுக்கு வேண்டிய பாதுகாப்பு அவரவர் சேர்த்துக்கொள்ளலாம்.

சேலம் கோவை ரோட்டில் நடுவே தடுப்பு இருப்பதால் எதிரே பஸ் வரும் கவலை இல்லை, அங்கே இந்தக் கணக்கு வெறும் பொழுதுபோக்கு. தாராபுரம், உடுமலை பக்கம் தடுப்பில்லாத இருவழிச் சாலையில்தான் இது வேலைக்கு ஆகும். அங்கே ஆட்கள் முந்துவதைப் பார்த்தால் மூன்று வகை.

முதல் வகை, தூரத்திலிருந்தே 90-இல் வந்து வேகம் குறைக்காமல் அப்படியே ஏறிப்போவது. மேலே போட்ட கணக்கு இதுதான். இரண்டாவது, லாரியின் முதுகில் 5 மீட்டரில் ஒட்டிக்கொண்டு அதே 54-இல் போய், வழி தெரிந்ததும் கியரைக் குறைத்து மிதிப்பது. மூன்றாவது, லாரிக்கு 45 மீட்டர் பின்னால் அதே வேகத்தில் போய், எதிரே காலியாகப்போகிறது என்று தெரிந்ததும் இடப்பக்கத்தில் இருந்தபடியே மிதித்து வேகம் எடுத்து, 20 மீட்டர் நெருங்கும்போது விலகுவது. மைதானத்தில் நீளம் தாண்டுகிறவர் ஓடி வந்து தாண்டுவது மாதிரி.

சாதாரண சின்னக் கார் மூன்றாம் கியரில் நொடிக்கு 1.5 மீட்டர் வீதம் வேகம் கூட்டும் என்று வைத்துக்கொள்ளலாம், 54-லிருந்து 90-க்குப் போக சுமார் ஆறே முக்கால் நொடி. 90 வந்ததும் மூன்று வகையிலும் அதே வேகத்தில் நிறுத்திக்கொள்கிறோம்.

| வழி | வலப்பக்கத்தில் இருக்கும் நேரம் | கார் ஓடும் ரோடு | பஸ் இருக்க வேண்டிய தூரம் |
|---|---|---|---|
| வந்த வேகத்தில் ஏறுவது | 6.2 நொடி | 155 மீ | 279 மீ |
| ஒட்டி நின்று மிதிப்பது | 8.0 நொடி | 168 மீ | 328 மீ |
| தள்ளி நின்று ஓடி வருவது | 6.3 நொடி | 156 மீ | 281 மீ |

ஒட்டி நிற்கிறவர் விலகும்போது மற்ற இருவரையும்விட லாரிக்கு 15 மீட்டர் கிட்ட இருக்கிறார், அந்த அளவுக்குக் கடக்க வேண்டிய தூரமும் குறைவு, 62-க்குப் பதில் 47 மீட்டர்தான். இருந்தும் கிட்டத்தட்ட இரண்டு நொடி அதிகம் ஆகிறது. காரணம், விலகும் நொடியில் அவருடைய வேக வித்தியாசம் பூஜ்யம். முதல் ஆறே முக்கால் நொடியில் அவர் லாரியோடு ஒப்பிட்டால் 33 மீட்டர்தான் முன்னேறுகிறார். அத்தனை நேரமும் வலப்பக்கத்தில். மூன்றாவது ஆள் அதே மிதியை இடப்பக்கத்திலேயே மிதித்து முடித்துவிடுகிறார், விலகும்போது லாரியைவிட நொடிக்கு 8.7 மீட்டர் அதிகமாக ஓடிக்கொண்டிருக்கிறார். மொத்தத்தில் அவர் செலவழிக்கும் நேரம் குறைவில்லை, இடப்பக்கத்தில் ஆறு நொடி, வலப்பக்கத்தில் ஆறு நொடி. ஆனால் ஆபத்து வலப்பக்கத்து ஆறு நொடிக்கு மட்டும்தானே.

சும்மா தள்ளி நின்றால் மட்டும் போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 20 மீட்டரில் 54-இல் போய்க்கொண்டு, விலகிய பிறகுதான் மிதிப்பேன் என்றால் 9.5 நொடி ஆகும், ஒட்டி நின்றதைவிட மோசம்.

அப்புறம் பாரம். குடும்பத்தோடு ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி ஓடுகிறது, கோயில் கிடாவெட்டுக்குப் போகிறீர்கள். 1.5 என்று வைத்தது 1.0 ஆகக் குறைந்தால் ஒட்டி நின்று மிதிக்கிறவரின் 8.0 நொடி 9.7 ஆகிவிடுகிறது, பஸ் 386 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஓடி வருகிறவருக்கு 6.3 நொடி 6.6 ஆகிறது, அவ்வளவுதான். தனியாக ஓட்டும்போது பழகிய கண் அளவு வண்டி நிறைய ஆள் இருக்கும்போது ஏமாற்றுவது இரண்டாவது வகையில்தான் அதிகம்.

சரி, முதலாவதும் மூன்றாவதும் ஒரே நேரம்தானே, எதற்கு மெனக்கெட்டு 45 மீட்டரில் பின்னால் போக வேண்டும்? வித்தியாசம், வேண்டாம் என்று முடிவெடுக்கும்போது தெரியும். 20 மீட்டரில் விலகப்போகும் நேரம் பஸ் கண்ணில் படுகிறது என்று வையுங்கள். கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி, அப்புறம் நல்ல அழுத்தமான பிரேக், நொடிக்கு 4 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது. லாரியின் வேகத்துக்கு இறங்க மூன்றாவது ஆளுக்கு இடைவெளியில் 18 மீட்டர் வேண்டும், இருப்பது 20. தப்பித்தார். முதல் ஆளின் வித்தியாசம் நொடிக்கு 10 மீட்டர், அவருக்கு 22.5 மீட்டர் வேண்டும், இல்லை. ஆகவே 90-இல் வருகிறவர் 20 மீட்டர் வரைக்கும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது, 25, 30 மீட்டரிலேயே முடிவு எடுத்துவிட வேண்டும். ரோடு நேராக, முன்னூறு நானூறு மீட்டர் காலியாகத் தெரிந்தால் முதல் வகையை யாரும் குறை சொல்ல முடியாது. வளைவோ மேடோ இருந்தால் மூன்றாவதுதான் என் ஓட்டு. இரண்டாவதுக்கு எந்த ரோட்டிலும் என் ஓட்டு இல்லை, 5 மீட்டரில் நின்றால் டிரெய்லரின் பின்கதவைத் தவிர வேறு என்ன தெரியும்?

இந்தக் கணக்கு சீக்கிரம் பிசகும் இடம் வகுக்கும் எண். இறக்கத்தில் லாரி 54-லிருந்து 63 ஆகிவிட்டால் வித்தியாசம் 10-லிருந்து 7.5 ஆகும், 6.2 நொடி 8.3 ஆகும், கார் ஓடும் ரோடு 155-லிருந்து 207 மீட்டர். நம்முடைய ஸ்பீடோமீட்டரும் பொதுவாக உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். முள் 90 காட்டும்போது நிஜம் 85 என்றால், லாரி நிஜமாகவே 54-இல் போனால் நேரம் 7.2 நொடி, ஐந்து கிலோமீட்டர் பிழைக்கு முழுசாக ஒரு நொடி. லாரியின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிடாமல், பின்னாலேயே கொஞ்ச தூரம் அதே வேகத்தில் போய் நம் முள்ளிலேயே பார்த்தால் இந்தப் பிழை சுருங்கிவிடும், ஏனென்றால் இரண்டு எண்ணையும் ஒரே மீட்டர்தான் கூட்டிக் காட்டுகிறது. முள்ளில் 54, 90 என்றால் நிஜம் 51, 85 மாதிரி இருக்கும், நேரம் 6.6 நொடி. மூன்றாவது வகைக்கு இது இலவசமாகக் கிடைக்கும் லாபம்.

வகுக்கும் எண் ரொம்பச் சிறுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க சங்ககிரிப் பக்கம் போனால் போதும். 80-இல் ஒரு டிரெய்லர் 78-இல் போகும் இன்னொரு டிரெய்லரை முந்துகிறது, முன்னும் பின்னும் 10 மீட்டர்தான் விடுகிறார் என்றாலும் 56 மீட்டரைக் கடக்க 100 நொடி ஆகும், இரண்டேகால் கிலோமீட்டர் ரோடு. பின்னால் வருகிற நாம் ஹாரன் அடித்துப் பிரயோசனம் இல்லை.

காற்றாலை இறக்கை ஏற்றிய வண்டிகளையும் இதே கணக்கில் போட்டுப் பார்த்தேன். பல்லடம், உடுமலை பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். மொத்த நீளம் 60 மீட்டர், வேகம் 18 என்று வைத்து, நம் காரை 54-இல் ஓட்டினால் வித்தியாசம் அதே 10 மீட்டர். 104 மீட்டரைக் கடக்க 10.4 நொடி, கார் ஓடும் ரோடு 156 மீட்டர். மூன்று மடங்குக்கு மேல் நீளமான வண்டி, ஆனால் ரோடு டிரெய்லரை முந்தியதற்கு ஒரு மீட்டர்தான் கூட! மெதுவாகப் போகிற வண்டி நாம் முந்துவதற்குள் அதிகம் ஓடிவிடுவதில்லை. அதனால் இது சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது, எதிரே வரும் பஸ்ஸுக்கு 10.4 நொடியும் 10.4 நொடிதான், அதில் 208 மீட்டர் வந்துவிடும். ஆக பஸ் 364 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

இவை வரிசையாக வந்தால், ஒன்றை முந்திவிட்டு நடுவில் புகுந்துகொள்ளலாம் என்று நினைப்போம். புகுவதற்கு 20 மீட்டர், கார் 4 மீட்டர், மறுபடி விலக 20 மீட்டர், 44 வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவில் அதைவிடக் குறைவாக இருந்தால் கணக்கில் அவை ஒரே வண்டி. 18 மீட்டர் டிரெய்லர் இரண்டு, நடுவில் 30 மீட்டர் விட்டு 54-இல் போகின்றன என்றால் நீளம் 66 என்று போட வேண்டும். 90-இல் வந்தாலும் 11 நொடி, பஸ் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் தள்ளி.