ஒரு கைப்பிடி: நிறுப்பதா, விகிதம் பார்ப்பதா?

பாட்டியின் கையெழுத்துச் சமையல் குறிப்பின் படத்தில் இருந்தது: ரொட்டி மாவு 500 கிராம், உப்பு ஒரு கைப்பிடி. அது எத்தனை கிராம் என்று அறிய இரண்டு வழி: நம் கைப்பிடியை நிறுப்பது, அல்லது மாவின் எடைக்கு வழக்கமான விகிதத்தில் கணக்கிடுவது.

நேரம்: கைப்பிடியை ஐந்து முறை நிறுத்துச் சராசரி எடுக்கலாம். விகிதத்துக்கு ஒரு கணக்கு போதும்.

நம்பகம்: நிறுத்தால் கிடைப்பது நம் கையின் அளவு, எழுதியவருடையது அல்ல. எனக்கு 50 கிராம் வந்தது. ரொட்டியில் உப்பு மாவின் எடையில் சுமார் 2 சதவீதம், அதாவது 10 கிராம். ஐந்து மடங்கு உப்பா? சந்தேகப்பட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன். எழுத்து வரி சாய்ந்திருந்தது, ‘ஒரு கைப்பிடி’ என்றது கீழ்வரியில் இருந்த சர்க்கரைக்கு! உப்புக்கு வெறும் ‘திட்டமாக’. (அதுவும் ஓர் அளவாம்.)

உப்பு, ஈஸ்ட், சோடாவுக்கு விகிதம்தான். கீரை, கொட்டைகளுக்குக் கையே போதும், நிறுக்கக்கூட வேண்டாம்.